அக்காவிடம் மட்டும் பேசும் தமிழ்

வசனம் எழுதுகிறவரை அந்த அலுவலகத்தில் ‘காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக ஆரம்பித்து மரியாதையாக மாறிப்போன பெயர். பஸ்ஸில் பின்சீட்டில் இரண்டு பேர் சண்டை போட்டால், திரும்பிப் பார்க்காமலேயே அவர்களுடைய ஊரைச் சொல்லிவிடுவார். ஊரோடு நிறுத்தினாலும் பரவாயில்லை. எந்த ஊரில் பெண் எடுத்தவன் என்பதையும் சேர்த்துச் சொல்லுவார். அப்படிச் சொன்னதில் பாதியை யாரும் போய்ச் சரிபார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அவருக்கென்று சொந்தமாக ஒரு வட்டாரப் பேச்சு கிடையாது. அப்பாவுக்கு ஊர் ஊராக மாற்றலாகிற உத்தியோகம். பள்ளிக்கூடம் மாறும்போதெல்லாம் பையனின் தமிழும் மாறியது. கடைசியில் எல்லா ஊரும் கலந்து, எந்த ஊரும் இல்லாத ஒரு தமிழ் நாக்கில் தங்கிவிட்டது. ஆனால் காதில் மட்டும் எல்லா ஊரும் இருந்தது. அந்தக் காதைக் கொண்டுதான் அவர் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தக் காதுக்கே வந்தது வம்பு.

ஒரு பெரிய வீட்டில் வாடகைக்கு இருக்கும் மூன்று பேரின் கதை அது. இணையத்தில் வாராவாரம் வரப்போகிற தொடர். கீழ்த்தளத்தில் யாழ்ப்பாணத்து நர்ஸ் ஒருத்தி, கோயம்புத்தூர்க்காரரான கணக்கர் ஒருவர், திருநெல்வேலிக்காரரான டிரைவர் ஒருவர். மாடியில் படுத்த படுக்கையாக வீட்டு உரிமையாளர். அவருக்குக் கொடுக்கிற மாத்திரையை யாரோ மாற்றி வைக்கிறார்கள். அதை நர்ஸ் கண்டுபிடிக்கிறாள். அங்கிருந்துதான் கதையே சூடு பிடிக்கிறது. நர்ஸாக நடித்த பெண் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்தவள். படப்பிடிப்பு முடிந்த பிறகும் எல்லோரும் அவளை ‘சிஸ்டர்’ என்றே கூப்பிட்டார்கள்.

முதல் இரண்டு பகுதிகளையும் தொகுத்து, வெளியாட்கள் சிலரை அழைத்துப் போட்டுக் காட்டினார்கள். பல ஊர்த் தமிழர்களும் இருக்க வேண்டும் என்று தேடிப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். நம் வசனகர்த்தா கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார், பெண்ணின் அரங்கேற்றத்துக்கு வந்த அப்பா மாதிரி.

சமையலறைக் காட்சி வந்தது. சிஸ்டர் மாடியிலிருந்து ஓடி வருகிறாள். கணக்கரும் டிரைவரும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். “அவருக்கு ஏலாமக் கிடக்கு. ஆரோ மருந்தை மாத்திப்போட்டினம். கெதியா வாங்கோ, பேந்து வடிவாச் சொல்லுறன்!” என்கிறாள்.

கதையின் முதல் முடிச்சு விழுகிற இடம் அது. முன்வரிசையில் ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், “என்ன சொல்லுச்சு அந்தப் பொண்ணு?” என்றாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். அதற்குள் திரையில் மூன்று பேரும் மாடிக்கு ஓடிவிட்டார்கள். எதற்கு ஓடுகிறார்கள் என்று தெரியாமலேயே பாதிப் பேர் மிச்சத்தைப் பார்த்து முடித்தார்கள்.

விளக்குப் போட்டதும் இயக்குநர் ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டாள். சின்ன வயசுப் பெண்தான், ஆனால் அழுத்தமானவள். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டாள். புரியவில்லை என்று பலரும் சொன்னார்கள். அதை எதிர்பார்த்துத்தான் இருந்தார்கள். எதிர்பாராதது ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்மணி சொன்னது.

“எனக்கு எல்லாம் புரிஞ்சுது. ஒரு வார்த்தை கூடத் தப்பில்ல. ஆனா ஏன்னு தெரியல, நம்ப முடியல. அந்தப் பிள்ளை உண்மையான ஆள் மாதிரி இல்ல.”

வசனகர்த்தாவுக்குச் சுருக்கென்றது. புரியாதவனுக்குப் புரியவில்லை, சரி. புரிந்தவளுக்கும் பிடிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஒவ்வொரு சொல்லும் அவர் வீட்டிலிருந்தே எடுத்தது. அவருடைய மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. அவள் தன் அக்காவோடு போனில் பேசுவதை மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு எழுதிய வசனம். அதைப் போய்ப் பொய் என்று சொன்னால் எப்படி?

தொடரை வெளியிடப்போகிற சேனலிலிருந்து வந்திருந்தவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. சீக்கிரம் முடிவெடுக்கச் சம்பளம் வாங்குகிறவர், அவ்வளவுதான்.

“கணக்கரும் டிரைவரும் இருக்கட்டும். அவங்க பேசறது ஓரளவு புரியுது. சிஸ்டருக்குப் பொதுத் தமிழ் போட்டுடலாம். அந்தப் பொண்ணு பொதுத் தமிழ் பேசினாலும் இழுவை வரும். டப்பிங்ல வேற குரல் போட்டுக்கலாம். ஒரே நாள்ல வேலை முடிஞ்சிடும்.”

“அவங்களுக்கு முதல் பெரிய வேஷம் சார்” என்றாள் இயக்குநர். “வாயை மட்டும் அசைச்சிட்டுப் போன மாதிரி ஆயிடும். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கொடுங்க. அண்ணா மாத்தி எழுதிடுவாங்க. புது ஆளுங்களுக்குப் போட்டுக் காட்டுவோம். அப்பவும் புரியலன்னா நீங்க சொல்றபடியே செஞ்சிடலாம்.”

சேனல்காரர் வசனகர்த்தாவைப் பார்த்தார். “என்ன காது சார், முடியுமா?”

“முடியும்” என்றார் அவர். சொன்ன பிறகுதான், எப்படி முடியும் என்று தனக்கே தெரியாது என்பது உறைத்தது.

மாற்றி எழுதுவது என்றால் இஷ்டப்படி எழுதிவிட முடியாது. படம் எடுத்தாகிவிட்டது, இனிமேல் குரலை மட்டும்தான் மாற்றலாம். திரையில் அவள் வாய் எவ்வளவு நேரம் அசைகிறதோ அவ்வளவு நேரத்துக்குத்தான் வசனம். ம, ப என்று அவள் உதடு மூடுகிற இடத்தில் புது வசனத்திலும் உதடு மூட வேண்டும், இல்லாவிட்டால் பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். முகம் தெரியாத இடம், முதுகு காட்டுகிற இடம் கிடைத்தால் மட்டும் கொஞ்சம் மூச்சு விடலாம்.

முதல் வழி, எல்லோரும் செய்கிற வழி. புரியாத சொல்லையெல்லாம் எடுத்துவிட்டு, வாசனைக்கு வாலை மட்டும் வைப்பது. மறுநாள் ஒலிப்பதிவு அறையில் சிஸ்டர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மைக் முன்னால் நின்று தாளை வாசித்தாள்.

“அவருக்கு முடியலைங்கோ. யாரோ மருந்தை மாத்திட்டாங்கோ. சீக்கிரம் வாங்கோ, அப்புறம் சொல்றேங்கோ.”

வாசித்து முடித்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒலிப்பதிவாளர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

“என்னம்மா?” என்றார் வசனகர்த்தா.

“கோவிச்சுக்காதீங்கண்ணா. பள்ளிக்கூட விழாவுல மாறுவேஷம் போட்ட மாதிரி இருக்கு.”

“பழசு புரியலங்கறாங்க. புதுசு மாறுவேஷம்ங்கற. நான் என்னதான் எழுதறது?”

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் பயந்துவிடவில்லை. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

“பழசும் எனக்கு வாய்க்குள்ள ஒரு மாதிரிதான் இருந்துச்சுண்ணா. ஷூட்டிங்ல சொல்லத் தெரியல. சொல்லெல்லாம் எங்க வீட்டுச் சொல்லுதான். ஆனா இத நான் அந்த ரெண்டு பேருக்கா சொல்றேன்?”

“பின்ன? சமையலறையில அவங்க ரெண்டு பேரும்தான இருக்காங்க.”

“ஆமாண்ணா” என்றாள் அவள். அதற்கு மேல் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. தன் குரல் தன்னை விட்டுப் போகப்போகிறது என்பது தெரிந்திருந்தும் அவள் கெஞ்சவில்லை. அதுவே அவரை என்னவோ செய்தது. கெஞ்சியிருந்தால் திட்டியாவது தப்பித்திருக்கலாம்.

இரண்டாவது வழி, பதில் சொல்கிறவனை வைத்துப் புரியவைப்பது. பழைய வசனம் அப்படியே இருக்கும். கணக்கர் அதைக் கேள்வியாகத் திருப்பிச் சொல்லுவார். சாயங்காலம் இயக்குநரிடம் வாசித்துக் காட்டினார்: “ஏனுங்க, அவருக்கு உடம்பு முடியலீங்களா? மருந்த யாரோ மாத்திட்டாங்களா? அப்புறமா வெவரமாச் சொல்றீங்களா?”

இயக்குநர் நெற்றியைத் தடவிக்கொண்டாள். “அண்ணா, மேல ஒரு மனுஷன் சாகக் கிடக்கறான். இவர் கீழ நின்னு வாய்ப்பாடு ஒப்பிக்கறாரு.”

“ஒரு இடத்துல வெச்சுக்கலாம்ல?”

“ஒரு இடத்துல வெச்சுக்கலாம். சிஸ்டர் வாயத் திறக்கற இடமெல்லாம் வெச்சா, கணக்கர் கணக்கரா இருக்க மாட்டாரு. மொழிபெயர்ப்பாளராயிடுவாரு.”

அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் எரிச்சலாகவும் இருந்தது. மனுஷர் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குக் கிளம்பினார்.

வீடு என்பது மூன்றாம் மாடியில் சின்ன ஃப்ளாட். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மனைவி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கப் பல்வலிக்காரர்களைச் சமாதானப்படுத்திவிட்டு வந்து, இரவுச் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. அவர் சட்டையைக்கூட மாற்றாமல் தாளை அவள் முன்னால் வைத்தார்.

“இதக் கொஞ்சம் வாசி. மொதல்ல எழுதினது. சிஸ்டர் சொல்றது மட்டும்.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். அவருக்குத் திக்கென்றது. அவள் பேச்சு, அவள் சொல், அவள் வாய். ஆனாலும் யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற மாதிரிதான் இருந்தது. ஓரமாக உட்கார்ந்திருந்த அந்த யாழ்ப்பாணத்துப் பெண்மணியின் முகம் ஞாபகம் வந்தது.

“என்னங்க, இத இப்படி யாராவது சொல்லுவாங்களா?” என்றாள் அவள்.

“நல்லாருக்கே கதை! நீ சொன்னதுதான். போன மாசம் உங்க மாமாவுக்கு உடம்பு சரியில்லன்னு பேசினப்ப, வார்த்தைக்கு வார்த்தை இதேதான் சொன்ன.”

“அக்காகிட்ட சொன்னேன்.”

“அதான் சொல்றேன்.”

“அக்காகிட்டங்க” என்றாள் அவள் மறுபடியும், பல்வலிக்காரனுக்கு எந்தப் பல் என்று புரிய வைக்கிற பொறுமையோடு.

அவருக்குப் புரியவில்லை. கேட்க வாயெடுப்பதற்குள் போன் அடித்தது. பேச்சில் அடிபட்ட அந்த அக்காதான், ஆயுசு நூறு. மனைவி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கத்தியை எடுத்துக்கொண்டாள்.

“ஓம் அக்கா, சொல்லுங்கோ. இல்லை, இப்பதான் வந்தனான். நீங்கள் நித்திரை கொள்ளேல்லையோ? அவருக்கு இப்ப எப்பிடி? சாப்பிடுறாரோ?”

குரலே வேறாக இருந்தது. கொஞ்சம் மேலே ஏறி, இழுபட்டு, வேகமாக. முதுகு தளர்ந்து, நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் ஒருத்தர் இருக்கிறார் என்கிற நினைப்பே இல்லை. இதைத்தான் மாதக்கணக்கில் காதால் அள்ளினார் அவர். சொற்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு, அதைப் பேசியவளைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்.

பால் பொங்குகிற சத்தம் கேட்டது. அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“அடுப்ப கொஞ்சம் அணைச்சிடுங்க.” கையை எடுத்தாள். “ஓம் அக்கா, இருக்கிறன், சொல்லுங்கோ.”

ஒரே மூச்சில் இரண்டு தமிழ். நடுவில் ஒரு கைதான் மூடித் திறந்தது.

அவர் போய் அடுப்பை அணைத்தார். திருகுமேல் வைத்த கையை எடுக்காமல் அங்கேயே நின்றார். அவர் பாலைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் அவள் நினைத்திருப்பாள்.

சிஸ்டர் அந்த வீட்டில் மூன்று வருஷமாகக் குடியிருக்கிறாள் என்று கதையில் எழுதியவர் அவர்தான். மூன்று வருஷம் கணக்கரோடும் டிரைவரோடும் ஒரே சமையலறையில் புழங்கியவள், அக்காவிடம் பேசுகிற தமிழையா அவர்களிடம் பேசுவாள்? முதல் வாரமே, ‘என்ன?’ என்று அவர்கள் முழிப்பதைப் பார்த்து மாற்றிக்கொண்டிருப்பாள். கணக்கரும் அவளுக்காக மாறியிருப்பார். மூன்று பேரும் ஆளுக்கொரு அடி நகர்ந்து நடுவில் நின்றிருப்பார்கள். அவர் ஒருவரையும் நகரவிடவில்லை. ஆளுக்கொரு ஊரை வாயில் திணித்து, நின்ற இடத்திலேயே நிற்க வைத்துவிட்டார். ஏன், அந்த நடிகையே அவரிடம் எப்படிப் பேசுகிறாள்? ‘கோவிச்சுக்காதீங்கண்ணா’ என்கிறாள். அதுவும் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

போன் பேசி முடித்ததும் அவள் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“நீ எப்ப எங்கிட்ட இப்படிப் பேச ஆரம்பிச்ச?”

“எப்படி?”

“என்ன மாதிரி.”

அவள் யோசித்தாள். யாரும் கேட்டிராத கேள்வி. “கல்யாணமான புதுசுல எங்க தமிழ்தான் பேசினேன். ஞாபகம் இல்லையா?”

“அப்புறம்?”

“நீங்க ரெண்டு தடவை ‘என்ன?’ன்னு கேட்டீங்க. கோபமா எல்லாம் இல்ல, நல்லபடியாத்தான் கேட்டீங்க. மூணாவது தடவை கேக்கறதுக்குள்ள நானே மாத்திக்கிட்டேன்.”

“எனக்குத் தெரியவே இல்லையே.”

“நீங்கதான் ஊருக்கெல்லாம் காதாச்சே” என்றாள் அவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் போகிறவன் ஊரைச் சொல்லத் தெரிந்தவர். தன்னோடு இத்தனை வருஷம் ஒரே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தவள் எந்தத் தமிழை விட்டுக்கொடுத்தாள் என்று கேட்கத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட வருத்தம் பெரிதாக இருந்தது.

“இப்ப பேசேன்” என்றார். “உங்க தமிழ்லயே, எங்கிட்ட.”

அவள் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டுக் காய்த்தட்டை இழுத்துக்கொண்டாள்.

“வரலங்க. உங்க மூஞ்சியப் பாத்தா இந்தத் தமிழ்தான் வருது.”

மறுநாள் காலையில் தொகுப்பறை திறப்பதற்கு முன்பே அவர் வாசலில் நின்றார். சாவியோடு வந்த தொகுப்பாளர், எதையோ திருட்டுக் கொடுத்தவர் மாதிரி நிற்கிறாரே என்று பயந்துபோனார்.

வேலை சுலபமாக இல்லை. சிஸ்டர் யாரிடம் பேசுகிறாள், எந்த நிலையில் பேசுகிறாள் என்று காட்சி காட்சியாகப் பிரித்தார். வீட்டாட்களோடு நடுத்தமிழ்; ஆனால் அவளுடைய இழுவை அப்படியே இருக்கும், களைத்துப்போய் வருகிறபோது ‘ஆமா’வுக்குப் பதில் ஓர் ‘ஓம்’ தவறி விழும். பேசுவதற்கு அவள் சொல்லும் ‘கதைக்கிறது’ என்பதை விட்டுவைத்தார், கேட்கிறவர்களுக்கு அது பழகிவிடும். மாடியில் நோயாளியிடம் தனியாகப் பேசும்போது சொந்தத் தமிழ் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அக்காவிடம் போனில் பேசும்போது முழுசாக, ஒரு சொல்லும் குறைக்காமல். கதை நகரத் தேவையான விஷயமெல்லாம் சமையலறையில், எல்லோருக்கும் புரிகிற தமிழில் வந்துவிடும். போனில் மனசு மட்டும் பேசும், அதற்கு அகராதி வேண்டாம்.

கணக்கரையும் டிரைவரையும்கூட விடவில்லை. டிரைவர் வண்டி ஓட்டும்போது குறுக்கே வருகிறவனை மட்டும், “ஏல, எங்கல பாத்து வார?” என்று முழு நெல்லையில் வைவார், சமையலறைக்கு வந்தால் ஒரு படி இறங்கிவிடுவார். கணக்கரின் ‘ங்க’ சிஸ்டரிடமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் பழக்கத்தில் அதுவும் ஒட்டாமல் இருக்குமா?

முடிச்சு விழும் அந்தச் சமையலறைக் காட்சிதான் மல்லுக்கட்டியது. பயத்தில் ஓடி வருகிறவள் நடுத்தமிழ் பேசினால் அதுவும் பொய். தொகுப்பாளர் எடுத்ததையெல்லாம் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினார். ஒரு டேக்கில் சிஸ்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறாள், கேமராவுக்கு முதுகு. இன்னொன்றில், வசனம் மறந்துபோய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து ஒரு மூச்சு இழுக்கிறாள். வேண்டாம் என்று ஒதுக்கியிருந்த டேக்.

“இது!” என்று கத்தினார் வசனகர்த்தா. “இதத் தூக்கி நடுவுல போடுங்க.”

முதுகு தெரிகிற இடத்தில், “ஐயோ, ஆரோ அவருக்கு மருந்தை மாத்திக் குடுத்துப்போட்டினம்!” பிறகு இருவர் முகத்திலும் முழிப்பு. மறந்துபோய் இழுத்த அந்த மூச்சு. அதன் பிறகு நேராகப் பார்த்து, “யாரோ மாத்திரைய மாத்திட்டாங்க. சீக்கிரம் வாங்க.” ‘மருந்தை மாத்தி’ என்று அசைந்த வாய்க்கு ‘மாத்திரைய மாத்தி’ ஓரளவு பொருந்தியது. மிச்சத்தை இழுத்துப் பிடித்து ஒலிப்பதிவாளர் சரிக்கட்டினார்.

சிஸ்டர் புதுத் தாளை ஒருமுறை மனசுக்குள் வாசித்தாள். இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சமையலறைக் காட்சி இரண்டாவது முறையிலேயே அமைந்தது. போன் காட்சியைப் பேசி முடித்துவிட்டு மைக் முன்னாலிருந்து நகராமல் நின்றாள்.

“அண்ணா, இந்தக் கடைசி வரி யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல. நானே எழுதினேன். தப்பா இருக்கா?”

“இல்லண்ணா” என்றாள். மூக்கை உறிஞ்சினாள். “இன்னொரு தடவை எடுத்துக்கலாமா? கடைசில குரல் உடைஞ்சிடுச்சு.”

“உடைஞ்சதே இருக்கட்டும்” என்றாள் இயக்குநர்.

வெள்ளிக்கிழமை திரையிடலுக்குப் புது ஆட்கள் வந்திருந்தார்கள். வசனகர்த்தா தன் மனைவியையும் கூட்டி வந்திருந்தார். ‘வீட்டாளுங்கள எல்லாம் கணக்குல எடுத்துக்க மாட்டேன்’ என்று சேனல்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மாற்றுக் குரலுக்கு ஒரு பெண்ணை அவர் ஏற்பாடு செய்து வைத்திருந்ததும் எல்லோருக்கும் தெரியும். சிஸ்டர் வரவில்லை; பயத்தில் அவளால் உட்கார்ந்து பார்க்க முடியாது என்று இயக்குநர் சொன்னாள்.

கடைசி வரிசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். வசனகர்த்தா திரையைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த தலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறைக் காட்சி வந்தது. கதவு திறந்தது. சிஸ்டர் முதுகைக் காட்டிக்கொண்டு தன் தமிழில் கத்தினாள். தலைகள் லேசாக முன்னால் வந்தன. மூச்சு. “யாரோ மாத்திரைய மாத்திட்டாங்க.” எங்கோ ஒருவர் “அடப்பாவி” என்றார். ஒரு தலைகூடப் பக்கத்துத் தலையைப் பார்த்துத் திரும்பவில்லை.

முதல் பகுதி முடிந்து விளக்கு வந்ததும் சேனல்காரர் எழுந்து, வந்தவர்களிடம் தானே கேட்டார். கதை புரிந்ததா? புரிந்தது. அந்த நர்ஸ் பேசுவது? அதிலென்ன, அந்தப் பிள்ளை அவங்க ஊர்ப்பிள்ளை, நன்றாகத்தான் பேசுகிறாள். நெல்லைக்காரர் ஒருவருக்கு மட்டும் டிரைவர் இன்னும் கொஞ்சம் வையலாம் என்று குறை இருந்தது. சேனல்காரர் நெடுநேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு இயக்குநரிடம் குனிந்து, “அந்தக் குரலே இருக்கட்டும்மா” என்றார். இயக்குநர் முகத்தில் அப்போதும் ஒன்றும் காட்டவில்லை. வெளியே ஓடிப்போய்ச் சிஸ்டருக்குப் போன் செய்தாள்.

வசனகர்த்தாவுக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது. வயசு இடம் கொடுக்கவில்லை. மனைவியின் கையைத் தட்டினார். அவள், “நல்லா வந்திருக்குங்க” என்றாள். அதற்குள் விளக்கு அணைந்து இரண்டாம் பகுதி தொடங்கிவிட்டது.

அது போன் காட்சியில் தொடங்கியது. வேலை முடிந்து வந்த சிஸ்டர், படிக்கட்டில் உட்கார்ந்து அக்காவோடு பேசுகிறாள். மடியில் கழற்றாத அடையாள அட்டை.

“அழாதையுங்கோ அக்கா. அம்மா மருந்து குடிச்சவவோ? நான் என்னண்டு வாறது, லீவு தரமாட்டினம். ஓம், சாப்பிட்டனான். ஓம், எல்லாரும் நல்ல ஆக்கள்தான், ஒரு குறையும் இல்லை.” முகம் தெரியாதபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். “நாள் முழுக்க எல்லாரோடயும் கதைக்கிறன் அக்கா. ஆனா உங்களோட கதைச்சாத்தான் நான் கதைச்ச மாதிரி இருக்கு.”

அதில் பாதிச் சொற்கள் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லோருக்கும் யாரோ ஒருவரிடம் மட்டும் பேசுகிற பேச்சு ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

பக்கத்தில் ஓர் அசைவு தெரிந்தது. அவர் திரும்பினார். திரை வெளிச்சத்தில் அவள் முகம் நனைந்திருந்தது. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“இஞ்சாருங்கோ” என்றாள்.

மாமியார் மாமனாரை அப்படிக் கூப்பிடுவார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் ‘என்னங்க’வைத் தவிர வேறெதையும் இவள் வாயிலிருந்து அவர் கேட்டதாக நினைவில்லை. இல்லை, கேட்டிருக்க வேண்டும். அந்த முதல் மாதத்தில். கேட்டு, ‘என்ன?’ என்று சொல்லியிருக்க வேண்டும்.

“இதை நான் உங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லையே” என்றாள் அவள், அதே குரலில், மேலே ஏறி இழுபடுகிற அந்தக் குரலில். எந்தத் தமிழில் பேசுகிறோம் என்பது அவளுக்கே தெரியவில்லை.

ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரிந்தது. ஆனாலும் பழக்க தோஷம், வாய் ‘என்ன?’ என்று குவிந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினார்.

“ஓம்” என்றார்.